காபிச் சக்கையும் கருத்த கழுத்தும்

*டிகாஷன் இறங்கிய தூளை உடம்பிலும் தலையிலும் தேய்க்கும் பழக்கம் வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது, எங்கே கெடுக்கும்?*

காலை எட்டு மணி. வீட்டில் இரண்டாவது காபியும் முடிந்துவிட்டது. ஃபில்டரின் மேல் பாத்திரத்தைக் கழற்றிக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினால், அடியில் துளைகளின் அச்சு பதிந்த கறுப்பு அடை ஒன்று 'தொப்'பென்று கிண்ணத்தில் விழுகிறது. இத்தனை காலமும் அது கறிவேப்பிலைச் செடிக்குப் போயிற்று. இப்போது குளியலறைக்குப் போகிறது. அதோடு ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், கொஞ்சம் சர்க்கரை, சில வீடுகளில் அரை மூடி எலுமிச்சம்பழம். கண்ணாடி முன்னால் நின்று முதலில் கன்னம், பிறகு மூக்கு நுனி, முழங்கை, கடைசியாகக் கழுத்தின் பின்பக்கம். அந்த இடத்தில்தான் கை அதிக நேரம் நிற்கிறது. "எவ்வளவு தேய்ச்சாலும் இந்தக் கருப்பு மட்டும் போக மாட்டேங்குதே" என்ற அலுப்போடு இன்னும் கொஞ்சம் அழுத்தம் கூடுகிறது.

இந்தக் குளியலில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. குதிகாலுக்குக் கிடைப்பது லாபம். கழுத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் நஷ்டம். தலைமுடிக்கு நடப்பது இந்த இரண்டிலும் சேராத ஒன்று.

பொட்டலத்தில் இருப்பது வேறு தூள்

காபியைத் தேய்த்துக் குளிப்பது உலகச் சந்தைக்கு வந்தது பெரும்பாலும் ஆஸ்திரேலியா வழியாக. மெல்போர்னில் காபிக் கடை நடத்திய ஒருவரிடம், மீந்த காபித்தூளை உடம்பில் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அதிலிருந்து 2013-இல் பிறந்ததுதான் 'ஃபிராங்க் பாடி' நிறுவனம். காபி பூசிய உடம்போடு பெண்கள் எடுத்துப் போட்ட இன்ஸ்டாகிராம் படங்களே அதற்கு விளம்பரமாயின. இந்தியாவில் மும்பையிலிருந்து 'எம்கஃபீன்' போன்ற நிறுவனங்கள் அதே பாதையில் வந்தன.

காலமும் சாதகமாக இருந்தது. முகம் கழுவும் கிரீம்களில் நறநறவென்று இருக்கும் பிளாஸ்டிக் மணிகள் கடலில் சேர்வது பெரிய பிரச்சினையானபோது, அவற்றுக்கு எதிராக அமெரிக்கா 2015-இல் சட்டம் கொண்டுவந்தது. அழகுசாதனங்களில் பிளாஸ்டிக் மணிகள் பாதுகாப்பற்றவை என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2017-இல் அறிவித்தது. காலியான அந்த இடத்தில் சர்க்கரை, உப்பு, வால்நட் ஓடு, காபி எல்லாம் வந்து உட்கார்ந்தன.

ஆனால் கடையில் வாங்கும் காபி ஸ்க்ரப்பில் பொதுவாக இருப்பது வறுத்து அரைத்த, தண்ணீர் படாத தூள். அதில் கஃபீன் முழுசாக இருக்கிறது, ஈரம் இல்லை. வீட்டுக் கிண்ணத்தில் இருப்பது ஏற்கெனவே வெந்நீரில் குளித்துவிட்டு வந்த சக்கை. பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் வாக்குறுதிகளை இந்தச் சக்கையிடம் எதிர்பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

சக்கையில் என்ன மிச்சம்?

கஃபீன் தண்ணீரில் கரையும்; வெந்நீரில் இன்னும் வேகமாகக் கரையும். நம் ஃபில்டரில் கால் மணி நேரத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாஷன், தூளில் இருக்கும் கஃபீனில் பெரும்பகுதியைக் கூடவே கொண்டுபோய்விடும். இரண்டாம் டிகாஷன் இறக்கும் வீடுகளில் மிச்சம் இன்னும் குறையும்.

ஸ்பெயினின் நவார்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் பல வகைக் காபி இயந்திரங்களின் சக்கையை எடுத்து அளந்தார்கள். காகித ஃபில்டர், எஸ்பிரெஸ்ஸோ போன்றவற்றின் சக்கையில் ஒரு கிராமுக்குச் சுமார் 3.5 முதல் 8 மில்லிகிராம் வரை கஃபீன் மீந்திருந்தது. ஆக, சக்கை வெறும் சக்கையும் அல்ல. ஆனால் அந்தக் கஃபீன் துகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. எண்ணெயில் குழைத்து இரண்டு நிமிடம் தேய்த்தால் தோலுக்குள் இறங்கும் என்று நம்ப இடம் குறைவு. கஃபீன் எண்ணெயில் அவ்வளவாகக் கரைவதும் இல்லை.

வெந்நீரால் எடுத்துப்போக முடியாதது எண்ணெய். உலர்ந்த சக்கையின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை காபிக்கொட்டையின் சொந்த எண்ணெய் தங்கியிருக்கும். சக்கையை விரல்களுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தால் லேசான வழவழப்பு தெரிவது இதனால்தான். தேய்த்துக் கழுவிய பிறகு தோல் பட்டுப்போல ஆனதாகச் சொல்கிறார்களே, அதில் பாதி இந்த எண்ணெயின் வேலை. மீதி, கூடச் சேர்த்த தேங்காய் எண்ணெயின் வேலை.

> சிக்கரி என்ன ஆகிறது?
>
> தமிழ்நாட்டுக் காபித்தூளில் பெரும்பாலும் சிக்கரி கலந்திருக்கும். கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், சிக்கரியின் அளவைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுச் சட்ட விதி. சிக்கரியில் கஃபீன் கிடையாது. வறுத்த அந்த வேரில் பெரும்பகுதி வெந்நீரில் கரைந்து டிகாஷனோடு போய்விடுவதால், சக்கையில் மீந்திருப்பது அதிகமும் காபிதான். தோலுக்கு இதனால் கெடுதல் இல்லை. ஆனால் 60:40 கலவையில் சக்கையும் குறைவாகவே மிஞ்சும், கஃபீனும் குறைவாகவே இருக்கும்.

குதிகாலுக்கு நல்லது

தோலின் மேல்மட்டம் இறந்த செல்களால் ஆனது. உடம்பின் பெரும்பகுதியில் இந்த அடுக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். உள்ளங்காலில் அதைவிடப் பல மடங்கு. காபிச் சக்கையின் துகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு, அரைப் பங்கு அளவு இருக்கும். அதாவது கன்னத்தில் உதிர வேண்டிய அடுக்கைவிடத் தேய்க்கும் துகள் பத்து மடங்குக்கு மேல் பெரியது. குதிகாலில் இந்த வித்தியாசம் பொருட்டே அல்ல. அங்கே எடுப்பதற்கு நிறையவே இருக்கிறது.

எனவே குதிகால், முழங்கை, முட்டி, வறண்ட கணுக்கால், பனிக்காலத்தில் செதில் செதிலாக உதிரும் முன்னங்கால் ஆகிய இடங்களில் சக்கை நியாயமாகவே வேலை செய்கிறது. புஜத்தின் பின்புறம் சிலருக்குக் கோழித்தோல் மாதிரி சொரசொரவென்று சின்னப் புள்ளிகள் இருக்கும். அவையும் கொஞ்ச நாளைக்கு வழுவழுப்பாகத் தெரியும். நனைந்து ஊறிய சக்கைத் துகள் உப்புக் கல்லைப்போலக் கூர்மையானதல்ல என்பதும் இதற்குச் சாதகம். இவ்வளவையும் பயத்தமாவும் செய்யும் என்று பாட்டிமார்கள் சொன்னால் அதையும் மறுக்க முடியாது.

தேய்த்தவுடன் முகத்தில் தெரியும் 'பளபளப்பு' வேறு சங்கதி. உரசியதால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, மேலே எண்ணெய்ப் பூச்சு ஒளியைத் திருப்பி அடிக்கிறது. சில மணி நேரத்தில் இரண்டும் போய்விடும். கல்யாண வீட்டுக்குப் போக அது போதும் என்றால் போதும்தான்.

கண்ணுக்குக் கீழே இருக்கும் வீக்கத்துக்குக் காபி நல்லது என்பதும் பரவலான நம்பிக்கை. தாய்லாந்தில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. 34 பேருக்கு ஒரு கண்ணில் 3 சதவீதக் கஃபீன் ஜெல்லும் மறு கண்ணில் கஃபீன் இல்லாத ஜெல்லும் பூசினார்கள். கஃபீன் போட்ட கண்ணில் கூடுதல் பலன் தெரிந்தது கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கு வீக்கம் வடிந்ததற்கு முக்கியக் காரணம் ஜெல்லின் குளிர்ச்சி என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அப்படியிருக்க, கண்ணோரத்து மெல்லிய தோலில் சக்கையைக் கொண்டுபோய்த் தேய்ப்பதைவிட, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் வைத்திருப்பது மேல்.

தொடையில் குழிக் குழியாகத் தெரியும் கொழுப்பைக் கரைக்கும் என்ற வாக்குறுதிக்கும் இதே கதிதான். அந்தக் கொழுப்பு இருப்பது தோலுக்கு அடியில். தேய்ப்பதால் மேல்தோல் கொஞ்சம் விம்மி, குழிகள் சற்று நேரம் மறையும். அவ்வளவே.

> தேய்ப்பதானால் இப்படி
>
> அன்றைக்கு இறங்கிய சக்கையை மட்டும் எடுங்கள். இரண்டு ஸ்பூன் சக்கைக்கு ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். சர்க்கரை, பேக்கிங் சோடா, பற்பசை எதுவும் வேண்டாம்.
>
> உடம்பை முதலில் நனைத்துக்கொண்டு, விரல் நுனியால் சின்னச் சின்ன வட்டங்களாக ஓர் இடத்துக்கு அரை நிமிடம் தேய்த்தால் போதும். பீர்க்கங்காய் நாரோ பிரஷோ கூட வேண்டாம், சக்கையே நார்தான். வெதுவெதுப்பான நீரில் கழுவி, துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் போடுங்கள்.
>
> வாரத்துக்கு ஒரு தடவை. சவரமோ வேக்ஸிங்கோ செய்த அன்று கூடாது. வெயிலில் கருகிய தோல், சிரங்கு, வெட்டுக்காயம், பழுத்த பரு இருக்கும் இடத்தைத் தொடக்கூடாது. தேய்த்த இடம் அரை மணி நேரம் கழித்தும் சிவந்தோ எரிந்தோ இருந்தால், உங்கள் தோலுக்கு இது ஒத்துவரவில்லை என்று அர்த்தம்.

எலுமிச்சம்பழத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் சாறு கடும் அமிலம். உரசிப் புண்ணான தோலில் எரியும் என்பது சின்ன விஷயம். எலுமிச்சைச் சாற்றிலும் பழத்தோலிலும் உள்ள சில வேதிப்பொருள்கள் தோலில் ஒட்டியிருக்கும்போது வெயில் பட்டால், அந்த இடம் வெந்து, சில சமயம் கொப்புளித்து, பிறகு திட்டுத் திட்டாகக் கறுத்துப்போகும். சாறு வழிந்த கோட்டிலேயே கறுப்பு விழுவதை வைத்துத் தோல் மருத்துவர்கள் இதைக் கண்டுபிடிப்பதுண்டு. நிறம் வெளுக்கட்டும் என்று பிழிந்த பழம் செய்யும் வேலை இது.

தலைக்கு ஊற்றினால்

சக்கையை மறுபடி கொதிக்கவைத்து வடிகட்டி, ஷாம்பு போட்ட பிறகு தலையில் ஊற்றிக்கொள்வது அடுத்த பழக்கம். முடி உதிர்வது நிற்கும், நரை மறையும், பளபளக்கும் என்று மூன்று வாக்குறுதிகள். முதலாவதுக்குப் பின்னால் உண்மையான ஓர் ஆராய்ச்சியே இருக்கிறது.

ஜெர்மனியின் ஜெனா பல்கலைக்கழகத்தில் 14 ஆண்களின் தலையிலிருந்து எடுத்த மயிர்க்கால்களை ஆய்வகக் கிண்ணத்தில் வளர்த்தார்கள். ஆண்களின் வழுக்கைக்குக் காரணமான டெஸ்டோஸ்டிரோன் வளர்ச்சியை அடக்கியது. கூடவே 0.001, 0.005 சதவீதக் கஃபீனைச் சேர்த்தபோது அந்த அடக்குமுறை நீங்கியது. 2007-இல் வெளியான இந்தக் கட்டுரைதான் இன்றுவரை எல்லாக் கஃபீன் ஷாம்புவுக்கும் மூலதனம்.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வேளைச் சக்கையை உலர்த்தி எடுத்தால் 15 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கிராமுக்கு 5 மில்லிகிராம் வீதம் 75 மில்லிகிராம் கஃபீன். அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து எல்லாமே இறங்கிவிட்டதாகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் 0.015 சதவீதம். ஜெனாவில் பயன்படுத்திய அளவைவிட இது அதிகம்! ஆக, கஃபீன் போதாது என்று சொல்லிச் சக்கைத் தண்ணீரை ஒதுக்கிவிட முடியாது.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ஆய்வகக் கிண்ணத்தில் மயிர்க்கால்கள் ஐந்து நாள், எட்டு நாள் என்று கஃபீனில் ஊறிக் கிடந்தன. நடுவில் தோல் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, ரத்த ஓட்டம் அடித்துக்கொண்டு போகவும் இல்லை. வீட்டில் தலையில் ஊற்றிய தண்ணீரில் முக்கால்வாசி முடி வழியாக வழிந்து தரையில் ஓடிவிடுகிறது. ஷாம்புவில் இருக்கும் கஃபீன் இரண்டு நிமிடத்தில் மயிர்க்கால் வழியாகச் சிறிது உள்ளே போகிறது என்று பெர்லினில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உள்ளே போவது வேறு, முடியை நிறுத்திவைப்பது வேறு. பிரிட்டனில் ஒரு கஃபீன் ஷாம்பு முடி உதிர்வைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்தபோது, அதற்கான சான்று போதாது என்று அந்நாட்டு விளம்பரத் தர அமைப்பு 2018-இல் அந்த வாசகத்துக்குத் தடை போட்டது.

பலன் தெரிந்த ஆய்வு ஒன்று இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. 2017-இல் வெளியான அதில் 210 ஆண்கள் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு 5 சதவீத மினாக்சிடில், பாதிப் பேருக்கு 0.2 சதவீதக் கஃபீன் திரவம். ஆறு மாத முடிவில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக நின்றன. ஆனால் அது தலையில் தடவி, கழுவாமல் விட்டுவிடும் மருந்துத் திரவம். நம் சக்கைத் தண்ணீரைவிடப் பதின்மூன்று மடங்கு செறிவு. ஆறு மாதம் நாள் தவறாமல் தடவ வேண்டும். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கஃபீன் திரவம் தயாரிக்கும் நிறுவனம் என்பதையும் மறக்கக் கூடாது. வாரம் ஒரு முறை சக்கைத் தண்ணீர் ஊற்றுகிறவர் இந்த ஆய்வைத் தனக்கு ஆதாரமாகச் சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

பளபளப்பு மட்டும் மெய்தான், காரணம் வேறு. முடிக்கும் தலைத்தோலுக்கும் லேசான அமிலத்தன்மை இயல்பு. சோப்பும் சில ஷாம்புகளும் காரமானவை. அவை பட்டால் முடியின் மேல்செதில்கள் தூக்கிக்கொண்டு சிக்கு விழும். காபி லேசான அமிலம் என்பதால் கடைசியாக ஊற்றும்போது செதில்கள் படிந்து, முடி வழுக்கிக்கொண்டு வரும். இதற்குக் காபியே வேண்டும் என்பதில்லை.

நரை விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. காபியின் பழுப்பு நிறம் வெள்ளை முடியின் மேல் ஒட்டுகிறதே தவிர உள்ளே போவதில்லை. வெள்ளை முடி மங்கலான தேன் நிறமாகி, ஓரிரு குளியலில் பழையபடி ஆகிவிடும். அதற்குள் தலையணை உறையும் வெள்ளைத் துண்டும் கறையாகிவிடும். கறுப்பு முடியில் எந்த மாற்றமும் தெரியாது. மருதாணிப் பொடியை டிகாஷனில் குழைக்கும் வழக்கம் நம் வீடுகளில் பழசு. அங்கே முடியைப் பிடிப்பது மருதாணியின் சாயம், டிகாஷன் அதை ஆழப்படுத்த உதவும் துணை.

ஊற்றித்தான் தீருவேன் என்பவர்கள் சக்கைத் தண்ணீரை ஆறவைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டுவது அவசியம். டீ வடிகட்டியில் தப்பும் பொடித்துகள், அடர்ந்த முடிக்குள் புகுந்துவிட்டால் சீப்பில் நாலு நாளைக்கு உதிரும். சக்கையையே தலைத்தோலில் தேய்ப்பது அதைவிட மோசம். பொடுகு உள்ளவர்களுக்கு அரிப்பு கூடும், மயிர்க்கால்கள் உரசிப் புண்ணாகும்.

ஜாடியில் நடப்பது

டிகாஷன் இறங்கிய சக்கையில் பாதிக்கு மேல் தண்ணீர். நாரும் புரதமும் எண்ணெயும் கலந்த அந்த ஈரக் கலவை பூஞ்சைக்கு விருந்து. சென்னைப் புழுக்கத்தில் மூடிய டப்பாவில் இரண்டு மூன்று நாளிலேயே வெள்ளையாகவோ பச்சையாகவோ படரத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரியும்: காபி மணம் போய், நனைந்த சாக்கு நாற்றம் வந்தால் அதைத் தொட வேண்டாம். மேலே படர்ந்ததை மட்டும் வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்துவது கூடாது.

சேர்த்துவைக்க வேண்டுமானால் அன்றன்றைக்கே தட்டில் மெலிசாகப் பரப்பி, கையில் ஒட்டாமல் பொலபொலவென்று உதிரும்வரை வெயிலில் காயவைக்க வேண்டும். எண்ணெயில் குழைத்து ஜாடியில் போட்டுவைப்பதில் இன்னொரு ஆபத்து உண்டு. குளிக்கும்போது ஈரக் கையை விட்டு எடுக்கிறோம். ஒவ்வொரு தடவையும் தண்ணீரும் கிருமியும் உள்ளே போகின்றன. கடைச் சரக்கில் இதைத் தடுக்கப் பதனப்பொருள் போடுவார்கள். வீட்டு ஜாடியில் அது இல்லை. அதைத் தேய்த்த மறுநாள் தொடையிலும் முதுகிலும் சின்னச் சின்னச் சீழ்ப்பருக்கள் மயிர்க்கால்தோறும் கிளம்பினால், காபி ஒவ்வாமை என்று நினைக்க வேண்டாம்; பெரும்பாலும் மயிர்க்கால் தொற்று. குளியலறையில் மாதக்கணக்கில் ஈரமாகத் தொங்கும் பீர்க்கங்காய் நாரிலும் இத்தகைய கிருமிகள் வளர்வதை 1990-களிலேயே நுண்ணுயிர் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

> பிளம்பர் பக்கம்
>
> சக்கை தண்ணீரில் கரையாது. எண்ணெயோடு சேர்ந்து குழாய் வளைவில் படிந்தால் இறுகிக்கொள்ளும். அடுக்குமாடியில் இது கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வரும் விவகாரம். சல்லடைத் தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு குளிப்பது எளிய தீர்வு. அதைவிட முக்கியம், எண்ணெயும் துகளும் சிந்திய டைல்ஸ் தரை கடுமையாக வழுக்கும். வயதானவர்கள் அடுத்துக் குளிக்க வருவதற்குள் சோப்புப் போட்டுத் தரையைக் கழுவிவிட வேண்டும்.

அழுக்கு அல்லாத கருப்பு

இனி கழுத்து. தமிழ்நாட்டில் காபிச் சக்கை அதிகம் செலவாவது இங்கேதான் என்று சொல்லத் தோன்றுகிறது. அடுத்து அக்குள், பிறகு தொடை இடுக்கு, விரல் முட்டிகள். பிள்ளையைக் குளிப்பாட்டும் அம்மா, "கழுத்தைப் பாரு, எவ்ளோ அழுக்கு" என்று சொல்லிக்கொண்டே தேய்ப்பதும் இதே இடத்தைத்தான்.

கழுத்தைச் சுற்றி வெல்வெட் துணியைத் தொடுவதுபோலத் தடித்து, மடிப்பு மடிப்பாகக் கறுத்திருந்தால் அது பெரும்பாலும் அழுக்கு அல்ல. மருத்துவத்தில் 'அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்' என்று பெயர். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது, அதை ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. ரத்தத்தில் மிதமிஞ்சிய அந்த இன்சுலின் தோல் செல்களையும் தூண்டிவிட, மடிப்புகளில் தோல் தடிக்கிறது. தடித்த தோல் கறுப்பாகத் தெரிகிறது. சர்க்கரை நோய் வருவதற்குப் பல வருடங்கள் முன்னாலேயே இது தெரியலாம். உடல் எடை கூடிய குழந்தைகளிடமும், மாதவிடாய் தள்ளிப்போகும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களிடமும் சகஜமாகக் காணப்படுகிறது.

காரணம் ரத்தத்தில் இருக்கும்போது, வெளியே இருந்து சக்கை எவ்வளவு தேய்த்தாலும் கருப்பு போகாது. போகாததோடு நிற்பதும் இல்லை. நம் மாதிரி மாநிறத் தோலில் நிறமி செல்கள் சுறுசுறுப்பானவை. உரசலையும் புண்ணையும் காயமாகவே எடுத்துக்கொண்டு மேலும் நிறமியைச் சுரக்கும். தேய்த்த இடம் அன்றைக்குச் சிவந்து, அடுத்த வாரங்களில் இன்னும் கறுக்கும். அந்தக் கருப்பு வடிய மாதங்கள் ஆகும். அதைப் பார்த்து மறுபடி தேய்ப்பார்கள்.

இந்தச் சுழற்சி முற்றிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு முதுகும் முன்னங்கையும் உதாரணம். நைலான் துண்டால் அழுத்தித் தேய்த்துக் குளித்தவர்களுக்கு எலும்பு துருத்தும் இடங்களில் கறுப்புத் திட்டு விழுவதை ஜப்பானிய மருத்துவர்கள் 1980-களில் விரிவாகப் பதிவு செய்தார்கள். தோள்பட்டை எலும்பு, முதுகின் மேல்பகுதி, முன்னங்கால், முழங்கைக்குக் கீழே என்று நம் ஊர்த் தோல் மருத்துவமனைகளிலும் இது வழக்கமான காட்சி. வருடக்கணக்கான உரசலில் சிதைந்த தோல் செல்களின் புரதம் அடியில் படிந்துவிட்டால், ஆற்று மணலில் தண்ணீர் விட்டுப்போன அலை வரிகளைப்போல முதுகில் கோடு கோடாகக் கருப்பு தெரியும். அந்த நிலைக்குப் போய்விட்டால் எந்த கிரீமுக்கும் அது எளிதில் மசியாது. மருத்துவர் முதலில் எழுதுவது மருந்து அல்ல, நாரையும் ஸ்க்ரப்பையும் நிறுத்தச் சொல்லும் அறிவுரை.

அழுக்கா, நோயா என்று பார்க்கத் தோல் மருத்துவர்களிடம் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. ஊசி போடுமுன் துடைப்பார்களே, அந்த ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் கழுத்தை அழுத்தித் துடைப்பார்கள். சிலருக்கு உதிர வேண்டிய செல்கள் உதிராமல் அழுக்கைப் பிடித்து அடைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்புக்கு அசையாத அது ஸ்பிரிட் பஞ்சோடு பழுப்பாக வந்துவிடும். அடியில் இயல்பான தோல் தெரியும். பஞ்சு சுத்தமாக வந்து கழுத்து அப்படியே கறுத்திருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது ரத்தம்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பின் அளவு. பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சி பற்றிய கேள்விகளும் சேரும். உடல் பருமன் இல்லாத நடுவயதுக்காரருக்குத் திடீரென்று, வேகமாக, உள்ளங்கை வரை இந்தத் தடிப்பு பரவினால் மட்டும் தாமதிக்கக் கூடாது. அரிதாக வயிற்றுப் புற்றுநோயின் முன்னறிவிப்பாக அது வருவதுண்டு.

எடை குறைந்து இன்சுலின் கட்டுக்குள் வந்தால் கழுத்தின் தடிப்பு மெல்ல வடியும். நிறம் மாறப் பல மாதங்கள் பிடிக்கும். இடையில் தோலை மென்மையாக்க மருத்துவர் டிரெட்டினாயின், அடாபலீன் போன்ற கிரீம்களை இரவில் பூசச் சொல்லலாம். இந்த கிரீம்கள் பூசும் தோல் எளிதில் எரிச்சலாகும், லேசாக உரியும். அந்த உரிதலை அழுக்கு என்று எண்ணிச் சக்கையால் தேய்த்தெடுப்பவர்கள் புண்ணோடு அதே மருத்துவரிடம் திரும்பி வருகிறார்கள். கிரீம் ஆரம்பிக்கும் நாளிலிருந்து கழுத்துக்குச் சாதாரண சோப்பும் தண்ணீரும் மட்டும். காபிச் சக்கையைக் குதிகாலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.